வாய்க்கால் கரையில் பொழுதோட ஒரு நடை

சேலம், நாமக்கல் பக்கம் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் கிளம்பிப் போய்விட்ட வீடுகளில், புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாளில் பேசிக்கொள்வதை எழுதி வைத்தால் அரைப் பக்கம் தேறாது. "சாப்பாடு வைக்கட்டுங்களா?" "வை." "கரண்ட் பில்லு கட்டியாச்சுங்களா?" "ஆச்சு." அதற்குப் பிறகு டிவி. சண்டை கிடையாது. ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் இன்னொருவர் ராத்திரி முழுக்க விழித்திருப்பார். ஆனால் உட்கார்ந்து பேச ஒன்றும் இல்லை.

இதற்கு இந்த மண்ணின் தொழில்களிலேயே பாதிக் காரணம் இருக்கிறது. நாமக்கல் லாரி ஓட்டுநர் அசாமுக்கும் குஜராத்துக்கும் லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர வாரங்கள் ஆகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகிறவர் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டே மாதக்கணக்கில் வெளியில் இருப்பார். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக் கொட்டகையில் ஒருவருக்குப் பகல் ஷிப்டு, இன்னொருவருக்கு ராத்திரி ஷிப்டு. இருபது வருஷம் இப்படி ஓடும்போது பேச்சு என்பது ஐந்து நிமிஷப் போனாகச் சுருங்கிவிடுகிறது. பணம் வந்துதா, பையனுக்கு ஃபீஸ் கட்டியாச்சா, மாட்டுக்கு எப்படி இருக்கு. ஓட்டம் நின்று இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகும், அந்த ஐந்து நிமிஷப் பேச்சுதான் மிஞ்சுகிறது.

பேச விஷயம் தீர்ந்துவிட்டதாக இவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை. "இவரைப் பத்தி எனக்குத் தெரியாததா?" என்ற நினைப்பு வந்த நாளிலிருந்து கேட்பது நின்றுபோகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் கென்னத் சவிட்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2011-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 24 தம்பதிகளை அழைத்து, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி முதுகு காட்டி உட்காரவைத்தார்கள். இரண்டு மூன்று அர்த்தம் வரக்கூடிய சாதாரண வாக்கியம் ஒன்றை ஒருவர் சொல்ல வேண்டும். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று மற்றவர்கள் ஊகிக்க வேண்டும். கேட்டவர்களில் அவருடைய துணையும் உண்டு, முன்பின் தெரியாதவர்களும் உண்டு. தன் துணை சரியாகப் புரிந்துகொள்வார் என்று சொன்னவர் பெரிதாக நம்பினார். அந்த நம்பிக்கை அளவுக்கு விடை வரவில்லை. வெளியாளைவிடத் துணை அப்படி ஒன்றும் நன்றாக ஊகிக்கவில்லை. நெருக்கம் கூடக்கூட, புரிந்துவிட்டது என்ற எண்ணம் புரிதலை முந்திக்கொண்டு ஓடுகிறது.

அப்படியானால் இத்தனை வருஷத்திலும் கேட்காமல் விட்டது நிறைய இருக்கிறது. அதைக் கேட்பதற்கு எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பஞ்சாயத்து நடப்பதுபோல ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் கண் பாதையில் இருக்கும், கை வீசிக்கொண்டிருக்கும். பதில் சொல்ல நேரமானாலும் நடை அதை மூடிக்கொள்ளும்.

எங்கே, எவ்வளவு தூரம்

நான் சொல்லப்போவது ஜேடர்பாளையத்திலிருந்து பரமத்தி வேலூர்ப் பக்கம் ஓடும் ராஜவாய்க்கால் கரை. காவிரியில் படுகை அணை கட்டி இந்த வாய்க்காலை வெட்டியவர் அல்லாள இளைய நாயக்கர் என்று இங்கே சொல்வார்கள். ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் தென்னை, வாழை, அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடிக்கால். என் உறவில் ஒரு தம்பதி இந்தக் கரையில்தான் நடக்கிறார்கள். அவர் பல வருஷம் ரிக் வண்டியில் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டவர். அந்த அம்மா அத்தனை வருஷமும் தோட்டத்தையும் இரண்டு பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பாதையின் அகலம். ஒற்றையடிப் பாதையானால் அவர் முன்னே போவார், அந்த அம்மா நாலடி பின்னால் வருவார். நம் ஊரில் காலம்காலமாக அப்படித்தான் நடந்து பழக்கம். பின்னால் வருகிறவரிடம் யாரும் மனசுவிட்டுப் பேசுவதில்லை. இரண்டு பேர் தோள் ஒட்டாமல் நடக்க ஐந்தடியாவது வேண்டும். மாட்டு வண்டியும் டிராக்டரும் போய்வரும் வண்டித்தடம் அதற்குச் சரியாக இருக்கும்.

தூரம் அதிகம் வேண்டாம். ஒரு கிலோமீட்டர் போய், ஒரு கிலோமீட்டர் திரும்பினால் போதும். மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் அது நாற்பது நிமிஷம். சர்க்கரைக்கு டாக்டர் சொல்லும் வேக நடை வேறு, இது வேறு. மூச்சு வாங்க நடந்தால் வாக்கியம் முடியாது. அந்த நடையைக் காலையில் தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

நேரத்தைப் பொழுது இறங்குவதை வைத்துக் கணக்குப் பண்ண வேண்டும். நம் பக்கத்தில் மார்கழியில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஆனியில் ஆறே முக்கால் ஆகும். மறைந்த பிறகு இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் முகம் தெரியாத அளவுக்கு இருட்டிவிடும். ஆகவே சூரியன் மறைய இருபது நிமிஷம் இருக்கும்போது வீட்டைவிட்டுக் கிளம்பினால், போகும்போது வெளிச்சம் இருக்கும், திரும்பும்போது மங்கல் வந்திருக்கும். இதில் ஒரு பயன் உண்டு. கடினமான கேள்விக்குப் பதில் சொல்கிறவரின் முகம் மற்றவருக்குத் தெரியாது. கரைப் புல்லில் பாம்பு இருக்கும் என்பதால் ஒரு டார்ச் லைட் கையில் இருக்க வேண்டும். செல்போன் வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்விக்கு ஒரு வரிசை

கேள்விகளை வைத்து நெருக்கத்தை வளர்க்க முடியுமா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஆர்தர் ஆரன். 1997-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் 36 கேள்விகள் இருந்தன. பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று அடுக்கு. மொத்தம் முக்கால் மணி நேரம். முதல் அடுக்கில் லேசான கேள்விகள், கடைசி அடுக்கில் மனசைத் திறக்கிற கேள்விகள். ஒரே கேள்விக்கு இரண்டு பேருமே பதில் சொல்ல வேண்டும். அவர் அதைச் சோதித்தது முன்பின் அறியாதவர்களிடம். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவர்களிடம் அல்ல. அதனால் அந்த 36-ஐ அப்படியே எடுத்துக் கரையில் ஒப்பிப்பதில் பயனில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஏற்றமும், மாறி மாறிச் சொல்லும் முறையும்தான்.

என் உறவுக்காரத் தம்பதி தங்கள் நடையில் முதல் மதகு வரை வீட்டு விஷயம் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். பால் கணக்கு, மகள் ஹாஸ்டல், மோட்டார் ஸ்டார்ட்டர். தடை போட்டால் அந்த விஷயம் நெஞ்சிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பேசித் தீர்த்துவிட்டால் ஒதுங்கிக்கொள்ளும். மதகைத் தாண்டியதும் அது நின்றுவிட வேண்டும். மறந்துபோய்த் தொடர்ந்தால் மற்றவர், "மதகு தாண்டியாச்சு" என்று சொன்னால் போதும். திரும்பி வரும்போது அதே மதகிலிருந்து வீட்டு விஷயத்தை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

மதகுக்குப் பிறகு முதலில் கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பற்றிய கேள்வி. "இந்தக் கொடிக்கால்ல வெத்தல கிள்ளப் போயிருக்கியா?" "உங்கூரு வாய்க்கால்ல நீச்சல் பழகுனது யாரு சொல்லிக் குடுத்துங்க?" பதில் சொல்ல யோசிக்கவே வேண்டாம். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு பேசுவதால் கூச்சமும் இருக்காது.

அடுத்த அடுக்குதான் இந்த முறையின் உயிர். ஒருவர் வாழ்க்கையில் மற்றவர் கூட இல்லாத காலங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கல்யாணத்துக்கு முன்னால். இன்னொன்று, இந்த மாவட்டங்களில் பிரிந்திருந்த வேலைக் காலம். இங்கே எதைக் கேட்டாலும் பதில் கேட்கிறவருக்குப் புதிது. இத்தனை வருஷம் கழித்து அந்த அம்மா அவரிடம் கேட்ட கேள்வி இது: "போர் போட்டுத் தண்ணி வரலீன்னா, அந்தத் தோட்டக்காரங்க மூஞ்சி எப்படி இருக்குமுங்க?"

அவர் ரிக் வேலையைப் பற்றி அதுவரை வீட்டில் சொன்னதெல்லாம் சம்பளமும் விடுமுறையும் மட்டும். அன்றைக்குச் சொன்னார். இருபதடி ராடு ஒன்றொன்றாக இறங்கும். எத்தனை ராடு போயிற்று என்பதுதான் ஆழத்துக்குக் கணக்கு. பாறையில் காற்றடித்துத் துளைக்கும்போது வெள்ளைத் தூசி பறக்கும். தூசி கறுத்து ஈரம் தட்டினால் தண்ணீர் கிட்டத்தில் இருக்கிறது. தூசி வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தால், சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒவ்வொருவராகப் பேச்சு நின்றுபோகும். அடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒவ்வொரு ராடுக்கும் கடன் ஏறுகிறது. "இன்னும் ரெண்டு ராடு போடுங்க"ன்னு கேக்கறது பெரும்பாலும் பொம்பளைங்கதான் என்றார். அந்த அம்மா சட்டென்று கேட்டார்: "நீங்க போட்டீங்களா?" அவர் கொஞ்ச தூரம் பதில் சொல்லாமல் நடந்துவிட்டு, ஓர் இடத்தில் முதலாளிக்குத் தெரியாமல் ஒரு ராடு கணக்கில் எழுதாமல் போட்டதைச் சொன்னார். தண்ணீர் வரவில்லை.

அந்த இரண்டாவது கேள்வியைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் அது இருந்திருக்க முடியாது. அவர் சொன்னதிலிருந்தே எடுத்துக் கேட்டது. கேரன் ஹுவாங்கும் ஹார்வர்டு சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சில் கேள்வி கேட்பவர்களை எதிராளிக்குப் பிடிக்கிறது என்றும், அதிலும் சொன்ன பதிலைப் பிடித்துக்கொண்டு கேட்கும் தொடர் கேள்விக்குத்தான் வலு அதிகம் என்றும் கண்டார்கள். கேட்டார், காதில் வாங்கினார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஒரு நடைக்கு எடுத்துப்போவது ஒரே கேள்வியாக இருக்கலாம். அதிலிருந்து குறைந்தது இரண்டு தொடர் கேள்வி பிறக்க வேண்டும்.

பதிலுக்குக் காத்திருப்பதற்கும் ஓர் அளவு வைத்துக்கொள்ளலாம். தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் இருபத்தைந்தடி விட்டு நடுவார்கள். நான் சொன்ன வேகத்தில் ஒரு தென்னையிலிருந்து அடுத்ததைத் தாண்ட ஒன்பது நொடி ஆகும். கேள்வி கேட்டவர் அடுத்த தென்னை வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கேட்டவுடனே "சும்மாதான் கேட்டேன், உடுங்க" என்று தானே மூடிவிடுவதால்தான் பாதிக் கேள்விகள் வீணாகின்றன.

மூன்றாவது அடுக்கு திரும்பும்போது, மங்கலில். இதில் ஆசையும் பயமும் நன்றியும் வரலாம். "இத்தனை வருஷத்துல நாஞ் செஞ்சதுல உனக்கு எது ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு?" "நான் கவனிக்காம உட்டது எதுங்க?" "எதைச் செய்யாம போயிட்டோம்னு உனக்கு அடிக்கடி தோணும்?" முதல் சில நடைகளில் இந்த அடுக்குக்கே போக வேண்டாம். முதல் நாளே இதைக் கேட்டால், "என்ன, உடம்புக்கு ஏதாச்சும் டாக்டர் சொல்லிட்டாரா?" என்று பயந்துவிடுவார்கள்.

எங்கே கோணுகிறது

"ஏன்" என்று தொடங்கும் கேள்வி நம் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். "ஏன் அப்ப சொல்லல?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் சாட்சி சொல்லத் தொடங்கிவிடுவார். அதையே "அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கலாம். "அப்புறம்?" என்ற ஒற்றைச் சொல் இரண்டையும்விட நன்றாக வேலை செய்கிறது.

கோணியது தெரிவது காலில். ஒருவர் நடை வேகமெடுத்தால் கேள்வி சுட்டுவிட்டது என்று அர்த்தம். பதில் "ம்" என்றோ "தெரியல" என்றோ இரண்டு முறை வந்தாலும் அப்படியே. அப்போது விளக்கம் கேட்காமல் முதல் அடுக்குக்கே திரும்பிவிட வேண்டும்: வாழை, தண்ணீர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறங்குகிற பொழுது. இன்னொரு கோணல், ஒருவரே கேட்டுக்கொண்டும் இன்னொருவரே பதில் சொல்லிக்கொண்டும் இருப்பது. இவர்கள் வீட்டில் முதல் வாரம் அப்படித்தான் ஆனது. அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மா கேட்டார். அந்த அம்மாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரிக் வண்டிக் கதை சுவையானது, தோட்டம் பார்த்தது அன்றாட வேலைதானே என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டார்கள். அதற்காகத்தான் ஆரன் சொன்ன மாறி மாறி முறை.

ஊர்க்கண்ணும் இருக்கிறது. "ரெண்டு பேரும் பொழுதோட எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்காமல் யாரும் விட மாட்டார்கள். கூச்சப்பட்டு இரண்டாம் நாளே நின்றுவிடுகிறவர்கள் அதிகம். "சுகருக்கு நடக்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டால் ஊர் திருப்தியாகிவிடும். கேட்டவர் கூடவே நடக்க வந்துவிட்டால் அன்றைக்குக் கேள்வி கிடையாது. அதை நல்லபடியாக ஏற்றுக்கொண்டு மறுநாள் பார்த்துக்கொள்வதுதான் வழி.

ஊருக்குள் இருப்பவர்களுக்கு

சேலத்துக்காரர்களுக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரி இருக்கிறது. குடிமக்கள் கூடித் தூர்வாரி, நடுவில் மண் திட்டுகள் அமைத்து மீட்டெடுத்த ஏரி. அங்கே கேட்கக் கேள்வி தானாக வரும்: நீ சின்ன வயதில் பார்த்த ஏரி எது, அது இப்போது இருக்கிறதா? செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளைத் தாண்டி நடப்பவர், முதல் கொலுசு யார் வாங்கித் தந்தது, அது என்ன ஆயிற்று என்று மனைவியைக் கேட்கலாம். அடகு, விற்பனை, உருக்கிச் செய்த தங்கச்சி கொலுசு என்று அந்தக் கொலுசுக்குப் பின்னால் ஒரு குடும்ப வரலாறே வரும். முடிவில் தட்டுவடை செட் சாப்பிடலாம். ஆனால் நடந்து முடித்த பிறகு.

நாமக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கீழே, கமலாலயக் குளத்துப் பக்கம் நடக்கலாம். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை, பொழுது சாய்ந்து வெகுநேரம் வரை அனலை விட்டுக்கொண்டிருக்கும். கோடையில் கொஞ்சம் தாமதமாகப் போவது நல்லது. கணித மேதை ராமானுஜன் தன் குடும்பத்தின் தெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குகளைக் காட்டுவதாக நம்பியவர். அந்தக் கோயிலைத் தாண்டும்போது, "உனக்கு அடிக்கடி வர்ற கனவு எது?" என்று கேட்டுப் பார்க்கலாம். பல வருஷம் ஒரே பாயில் படுத்தவர்கள்கூட இதற்கு விடை தெரியாமல் நிற்பார்கள்.

இந்த நடை எல்லோருக்கும் பொருந்தாது. அடி, குடி, பயம் இருக்கிற வீட்டில் மனைவி வாய் திறக்காமல் இருப்பது பேச்சு தீர்ந்ததால் அல்ல. அங்கே இருட்டில் தனியாக நடக்கச் சொல்வதே ஆபத்து. அதற்கு 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. தூக்கம், சாப்பாடு எல்லாம் குறைந்து வாரக்கணக்கில் ஒருவர் ஒடுங்கிக் கிடந்தால் அவருக்குத் தேவை மருத்துவர். இன்னொன்று, பேசாமல் கூடவே நடப்பதும் சிலருக்கு நிறைவாக இருக்கும். இரண்டு பேருக்கும் அது நிறைவா என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டால், அவர்களுக்குக் கேள்விப் பட்டியலே தேவையில்லை.

என் உறவுக்காரத் தம்பதி வாரத்தில் மூன்று நாள் நடக்கிறார்கள். தினமும் வைத்தபோது கேள்வி சலித்துப்போனது. இப்போது ஒரு நாள் கேள்வி அவருடையது, மறுநடைக்கு அந்த அம்மாவுடையது; காலையிலேயே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும், முன்கூட்டிச் சொல்லக் கூடாது. அவர் முறை வந்த ஒரு நாள், மதகு தாண்டியதும் கேட்டார்:

"நான் ராஜஸ்தான்ல இருந்தப்ப ஒரு ஆடி மாசம் கெணத்து மோட்டார் எரிஞ்சுதே, அப்ப என்ன பண்ணுன?"

"போன்லயே சொன்னனுங்களே, சரி பண்ணியாச்சுன்னு."

"அதான் சொன்ன. எப்படிப் பண்ணுன?"

அந்த அம்மா சொல்லத் தொடங்கினார். பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் குழாயோடு மோட்டாரை மேலே இழுத்தது, காயில் கட்ட வேலூருக்கு எடுத்துப்போக வண்டி கிடைக்காமல் பால் வண்டியில் ஏற்றிப் போனது, கடைக்காரர், "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?" என்று கேட்டது, வாழை வாடிவிடும் என்று பெரியம்மா தோட்டத்திலிருந்து நாலு நாள் தண்ணீர் இரவல் வாங்கியது, அதற்குப் பதிலாக அவர்கள் வீட்டு மஞ்சள் அரைப்புக்கு நாலு நாள் போய் நின்றது.

"அந்தக் கடைக்காரனுக்கு நீ என்ன சொன்ன?"

"ஆம்பளை வந்தா மோட்டார் சீக்கிரம் ஓடுமுங்களான்னு கேட்டேன். அன்னிக்கே கட்டிக் குடுத்துட்டாரு."